எடைக்கு வாங்கி, பரப்புக்கு வெட்டும் கணக்கு

திருப்பூரில் ஒரு நடுத்தர பனியன் கம்பெனி. ஏற்றுமதிக்குப் பத்தாயிரம் டி-ஷர்ட் ஆர்டர். அரைக்கை, வட்டக் கழுத்து, ஒரே நிறம். ஆர்டர் பிடிக்கும்போது போட்ட காஸ்டிங் ஷீட்டில் துணிக்கு மட்டும் 8,00,000 ரூபாய் என்று எழுதியிருந்தார்கள். சரக்கு கப்பலேறிய பிறகு கணக்கு முடித்தால் துணிச் செலவு 8,23,900 ரூபாய். 23,900 ரூபாய் கூடுதல்.

கம்பெனி கற்பனைதான், எண்களும் விளக்குவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. ஆனால் நடந்த விஷயம் கற்பனை இல்லை. துணி வாங்கித் தைத்து விற்கிற எந்த ஊரிலும் மாதம் தவறாமல் நடப்பதுதான். பின்னலாடையில் ஒரு உருப்படியின் அடக்கவிலையில் பெரும்பங்கு துணிக்கே போகிறது. தையல் கூலியில் பத்து பைசாவுக்குப் பேரம் பேசுகிற முதலாளிக்கு, துணியில் ரூபாய்க் கணக்கில் போவது பல நேரம் கண்ணில் படுவதில்லை.

இந்த 23,900 எங்கே போனது? இரண்டே வழிதான் இருக்கிறது. துணியை நினைத்ததைவிட அதிக விலைக்கு வாங்கியிருக்க வேண்டும், அல்லது நினைத்ததைவிட அதிகத் துணி செலவாகியிருக்க வேண்டும். முதலாவது பர்ச்சேஸ் மேனேஜர் கையில் இருப்பது. இரண்டாவது கட்டிங் மாஸ்டர் கையில் இருப்பதாகச் சொல்வார்கள். மொத்தத் தொகையை இந்த இரண்டாகப் பிரித்துக் காட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. ஸ்டாண்டர்டு காஸ்டிங் என்று பி.காம் படித்தவர்கள் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தது அதுதான். 1911-லேயே சார்ட்டர் ஹாரிசன் என்பவர் அமெரிக்காவில் இதை ஒரு முழுமையான முறையாக வடிவமைத்துவிட்டார். சூத்திரம் பழையது, சுலபமானது. அதன் விடையைப் படிக்கத்தான் கொஞ்சம் தொழில் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் அந்த 8,00,000 எப்படி வந்தது என்று பார்ப்போம். பின்னல் துணியைக் கிலோவில் வாங்குவார்கள். ஆனால் டி-ஷர்ட் என்பது எடையால் ஆனதல்ல. உடலுக்கு இவ்வளவு நீளம், இவ்வளவு அகலம், கைக்கு இவ்வளவு என்று பரப்பால் ஆனது. பரப்பையும் எடையையும் இணைக்கிற பாலம்தான் ஜிஎஸ்எம். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் எடை என்ற எண். இந்த ஆர்டரில் வாங்குபவர் கேட்டது 180 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சி. எல்லா சைஸும் சேர்த்துச் சராசரி பார்த்தால் ஒரு டி-ஷர்ட்டில் நிற்கிற துணி ஒரு சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆக உருப்படியின் எடை 180 கிராம். கழுத்து ரிப் தனிக் கணக்கு, அதை விட்டுவிடலாம்.

வெட்டும்போது துண்டுகளுக்கு இடையே விழும் கழிவு, துணியை அடுக்கும்போது இரு நுனியிலும் விடுகிற மிச்சம், ஓட்டை விழுந்த இடத்தைத் தவிர்ப்பதால் போவது என்று இன்னொரு 20 கிராம். கட்டிங் மாஸ்டரோடு உட்கார்ந்து, பழைய ஆர்டர்களைப் பார்த்து, நியாயமாக இவ்வளவு போகும் என்று ஒத்துக்கொண்ட அளவு அது. மொத்தம் ஒரு உருப்படிக்கு 200 கிராம். சாயமிட்டு முடித்த துணி கிலோ 400 ரூபாய் என்று வைத்தார்கள். உருப்படிக்குத் துணிச் செலவு 80 ரூபாய். பத்தாயிரத்துக்கு 2,000 கிலோ, 8,00,000 ரூபாய்.

நடந்தது என்ன? பர்ச்சேஸ் மேனேஜர் கிலோ 385-க்கே வாங்கிவிட்டார். வெட்டுவதற்கு எடுத்தது 2,140 கிலோ. இரண்டையும் பெருக்கினால் 8,23,900.

இனி பிரிப்போம். விலை மாறுபாடு என்பது கிலோவுக்கு எவ்வளவு வித்தியாசம் என்பதை உண்மையில் எடுத்த கிலோவால் பெருக்குவது. 400-இல் 385 போக 15 ரூபாய் மிச்சம். 2,140 கிலோவுக்கு 32,100 ரூபாய் சாதகம். அளவு மாறுபாடு என்பது எத்தனை கிலோ கூடியது என்பதை, நிர்ணயித்த விலையால் பெருக்குவது. 140 கிலோ கூடுதல். 400 ரூபாய் வீதம் 56,000 பாதகம். சாதகத்தைக் கழித்தால் 23,900 பாதகம். கணக்கு நேராகிவிட்டது.

ஒன்றை உண்மை அளவாலும் மற்றொன்றை நிர்ணய விலையாலும் ஏன் பெருக்க வேண்டும் என்று மாணவர்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி. கட்டிங் மாஸ்டர் 140 கிலோவை அதிகமாக எடுத்தார் என்றால், அதன் மதிப்பை அந்த வாரத்துத் துணி விலை தீர்மானிக்கக் கூடாது. நல்ல விலைக்கு வாங்கிய வாரம் அவர் குற்றம் சிறிதாகவும், விலை ஏறிய வாரம் பெரிதாகவும் தெரிந்தால் அது அவருடைய வேலையின் அளவுகோல் ஆகாது. அதனால்தான் மாறாத 400. மற்றொரு பக்கம், 140 கிலோ கூடுதலாக எடுத்ததால் அந்தக் கூடுதல் கிலோவுக்கும் 15 ரூபாய் மிச்சமானதே, அந்த 2,100 ரூபாய் யாருக்குச் சேரும்? இருவரின் செயலும் சேர்ந்து உண்டானது அது. வழக்கத்தில் விலைப் பக்கம் சேர்த்துவிடுகிறார்கள். அது ஒரு ஏற்பாடு, அவ்வளவுதான். அதற்குள் பெரிய தத்துவம் எதுவும் இல்லை.

பாடப் புத்தகம் இங்கே நின்றுவிடும். கம்பெனியில் சண்டை இங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

மாதக் கூட்டத்தில் அறிக்கையைப் படித்தால் கதை தெளிவாக இருப்பதுபோலத் தோன்றும். பர்ச்சேஸ் 32,100 ரூபாய் மிச்சம் பிடித்தது. கட்டிங் 56,000 ரூபாயை வீணடித்தது. பர்ச்சேஸ் மேனேஜர், "கிலோவுக்குப் பதினஞ்சு ரூபா கொறைச்சு வாங்கிக் குடுத்தேனுங்க, இதுக்கு மேல நான் என்ன பண்றது?" என்பார். கட்டிங் மாஸ்டர், "மார்க்கர் அதே மார்க்கர்தானுங்க சார். பீஸ் கொறையாமத்தான் வெட்டிருக்கோம். துணிதான் வெயிட்டா வந்திருக்குது" என்பார். அக்கவுண்டன்ட் இருவரையும் மாறி மாறிப் பார்ப்பார். பல கம்பெனிகளில் முதலாளி கட்டிங் மாஸ்டரைத் திட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்.

கட்டிங் மாஸ்டர் சொன்னதைச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும். ஜிஎஸ்எம் கட்டர் என்று உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்டக் கருவி எல்லா பனியன் கம்பெனியிலும் இருக்கும். ரப்பர் பலகைமேல் துணியை விரித்து, கருவியை வைத்து, அழுத்தித் திருப்பினால் சரியாக 100 சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஒரு வட்டத் துண்டு வரும். ஒரு சதுர மீட்டரில் நூறில் ஒரு பங்கு. அதைத் தராசில் வைத்து, வந்த கிராமை நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம். 180 ஜிஎஸ்எம் துணி என்றால் வட்டம் 1.80 கிராம் காட்ட வேண்டும். ரோலின் ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று என நாலைந்து இடத்தில் எடுத்துச் சராசரி பார்ப்பார்கள். பருத்தி ஈரத்தை இழுக்கும் நூல் என்பதால், மழை நாளில் வந்திறங்கிய ரோலை உடனே வெட்டி எடை பார்க்காமல் கொஞ்ச நேரம் ஆறவிடுவது நல்லது.

நம் ஆர்டரின் துணியில் வட்டம் 1.89 காட்டியது. அதாவது 189 ஜிஎஸ்எம்; சொன்னதைவிட 5 சதவீதம் கூடுதல் கனம்.

இந்த 5 சதவீதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ஜிஎஸ்எம்மில் இரு பக்கமும் 5 சதவீதம் வரை விலகலை ஒத்துக்கொள்வது வியாபாரத்தில் பரவலான வழக்கம். துணி செக்கிங்கில் இந்த ரோல்கள் 'ஓகே' ஆகிவிட்டன. தரத்தின் கண்ணில் ஒரு குறையும் இல்லை. வாங்குபவர் கையில் கொஞ்சம் கனமான டி-ஷர்ட் கிடைக்கிறது, அவர் ஏன் புகார் சொல்லப் போகிறார்? ஆனால் அந்தக் கனத்துக்குக் காசு கொடுத்தது கம்பெனி. அதே ஒரு சதுர மீட்டருக்கு 180 கிராம் வேண்டிய இடத்தில் 189 கிராம். கழிவும் துணிதானே, அதுவும் அதே விகிதத்தில் கனக்கும். 20 கிராம் 21 ஆகும். உருப்படிக்கு 210 கிராம். பத்தாயிரம் உருப்படிக்கு 2,100 கிலோ. கட்டிங் மாஸ்டர் ஒரு நூல்கூடச் சிந்தாமல் ஸ்டாண்டர்டுபடி வெட்டியிருந்தாலும் 2,100 கிலோ போயிருக்கும்.

ஆக, 140 கிலோவில் 100 கிலோ கத்தி படுவதற்கு முன்பே முடிவாகிவிட்டது. நிர்ணய விலையில் 40,000 ரூபாய். அதை வாங்கிய பக்கத்தில் வைத்துப் பார்த்தால், 32,100 மிச்சம் பிடித்தவர் 40,000 செலவு வைத்திருக்கிறார். நிகரமாக 7,900 ரூபாய் நஷ்டம் வைத்தது அந்த மலிவுத் துணி.

இதை இன்னும் சுருக்கமாகக் காட்ட ஒரு வழி உண்டு. விலையைக் கிலோவில் கேட்காமல் சதுர மீட்டரில் கேட்டுப் பாருங்கள். கிலோ 400 ரூபாய், 180 ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் 72 ரூபாய். கிலோ 385 ரூபாய், 189 ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் 72 ரூபாய் 77 பைசா. மலிவு என்று நினைத்த துணிதான் விலை கூடுதல். பில்லில் கிலோ விலை மட்டும் இருப்பதால் அது மலிவாகத் தெரிந்தது.

துணி ஏன் கனமாக வந்தது என்பதற்கு ஏமாற்று வேலைதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. நிட்டிங்கில் கண்ணியின் நீளம் கொஞ்சம் குறைந்தால் துணி நெருக்கமாகி எடை கூடும். சாயம் போட்ட பிறகு காம்பேக்டிங் இயந்திரத்தில் நீளவாக்கில் அதிகம் நெருக்கினாலும் கூடும். துவைத்தால் சுருங்காமல் இருக்கவேண்டும் என்பதற்காக அப்படிச் செய்வதும் உண்டு. ஆனால் கிலோவுக்குக் காசு வாங்கி விற்பவருக்குத் துணியை லேசாக்கிக் கொடுக்க ஆசை இருக்காது என்பதையும் மறக்க வேண்டாம். 5 சதவீத விலகல் இரு பக்கமும் அனுமதி என்றாலும், அது பெரும்பாலும் ஒரே பக்கம் சாய்ந்துகொண்டே வந்தால் யோசிக்க வேண்டியதுதான்.

இன்னும் 40 கிலோ மிச்சம் இருக்கிறது. 16,000 ரூபாய். இதற்குக் கட்டிங் பக்கம் பதில் சொல்லியாக வேண்டும்.

இங்கே ஒரு சோதனை சொல்கிறேன். சூத்திரங்களைவிட இது உபயோகமானது, செலவும் இல்லை. வெட்டி முடித்த துண்டுகளை எடை போடுங்கள். கழிவு மூட்டைகளையும் எடை போடுங்கள். இரண்டையும் கூட்டினால், ஸ்டோரில் இருந்து எடுத்த எடை வர வேண்டும். நம் ஆர்டரில் பத்தாயிரம் உருப்படிக்கான துண்டுகள் 1,890 கிலோ. கழிவு 250 கிலோ. கூட்டினால் 2,140, சரி. துண்டின் எடை 180-க்குப் பதில் 189 கிராம் காட்டுவது ஜிஎஸ்எம் பிரச்சினை. கழிவு 210 கிலோ இருக்கவேண்டிய இடத்தில் 250 இருப்பது கட்டிங் பிரச்சினை. இரண்டையும் கூட்டியும் எடுத்த எடைக்குக் குறைந்தால், அதற்குக் கணக்கு முறை எதுவும் தேவையில்லை. வாசலில் காவலைக் கூட்ட வேண்டும். கழிவுத் துணியை பனியன் வேஸ்ட் என்று எடைக்கு வாங்கிப் போக ஆள் இருக்கிறார்கள் என்பதால் பெரும்பாலான கம்பெனிகள் அதை எப்படியும் எடை போடுகின்றன. ஆனால் எல்லா ஆர்டர் கழிவையும் ஒரே குவியலாகக் கொட்டிய பிறகு போடுகின்றன. விற்ற காசு கிடைக்கிறது, எந்த ஆர்டரில் எவ்வளவு போனது என்ற தகவல் தொலைந்துபோகிறது.

கூடுதலான 40 கிலோ கழிவு எப்படி வந்தது? கட்டிங் டேபிளுக்குப் போனால் தெரியும். டியூப் துணியைத் தட்டையாக விரித்தால் வரும் அகலத்தை டயா என்பார்கள். மார்க்கர், அதாவது முன்பக்கம், பின்பக்கம், கை எல்லாவற்றையும் இடைவெளி குறைத்து அடுக்கிய வரைபடம், 34 இன்ச் டயாவுக்குப் போட்டது. வந்த ரோல்களில் பாதி 34 இன்ச், பாதி 35 இன்ச். இரண்டையும் கலந்து ஒரே லேயில் அடுக்கினார்கள். அடுக்கில் மிகக் குறுகிய துணி எதுவோ அதற்குத்தானே மார்க்கர் பொருந்த வேண்டும்? 35 இன்ச் துணியில் ஒரு இன்ச் ஓரமாக நீளவாக்கில் நாடா மாதிரி அறுந்து கழிவு மூட்டைக்குப் போனது. 35-இல் ஒன்று என்றால் ஏறக்குறைய 2.9 சதவீதம். 2,140 கிலோவில் பாதிக்கு அது 30 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். மீதி பத்துக் கிலோ, ஓட்டைக்காக மறுபடி வெட்டிய துண்டுகளும் சின்னச் சின்ன லேக்களின் நுனிகளும்.

இதில் கட்டிங் மாஸ்டர் மேல் தவறு உண்டா? உண்டு. ரோல்களை டயா வாரியாகப் பிரித்து, 35 இன்ச்சுக்குத் தனி மார்க்கர் போட்டு, தனி லேயாக அடுக்கியிருந்தால் அந்த 30 கிலோவில் பெரும்பகுதி தப்பியிருக்கும். ஆனால் கேட்டால் அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கும்: துணி வந்தது செவ்வாய்க்கிழமை சாயங்காலம், புதன் காலையில் தையல் லைனுக்குத் துண்டு போயாக வேண்டும், ரோல் ரோலாகப் பிரிக்க நேரம் எங்கே? அப்படியானால் துணி ஏன் தாமதம் என்ற கேள்வி வரும். விலை குறைத்துக் கொடுத்தவர் நாள் தள்ளிக் கொடுத்தார் என்று அது திரும்பவும் பர்ச்சேஸ் மேஜைக்கே போய் நிற்கலாம்.

விலை மாறுபாட்டையும் அளவு மாறுபாட்டையும் தனித்தனி ஆட்களின் மதிப்பெண் பட்டியலாகப் படிக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். ஒரே துணி இரண்டு கட்டத்திலும் தெரிகிறது. விலையில் சாதகமும் அளவில் பாதகமும் ஒரே ஆர்டரில் சேர்ந்து வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது கத்தியை அல்ல, துணியை. இதற்கு நேர்மாறும் நடக்கும். கிலோவுக்கு ஐந்து ரூபாய் கூடுதல் கொடுத்து, ஒரே டயாவில், சொன்ன ஜிஎஸ்எம்மில் துணி வாங்கிய பர்ச்சேஸ் மேனேஜர் அறிக்கையில் பாதகக்காரராகத் தெரிவார். அவரால் கட்டிங்கில் மிச்சமானதை கட்டிங் மாஸ்டர் பெயரில் எழுதுவார்கள்.

சந்தை விலையும் கணக்கில் ஒளிந்துகொள்ளும். 400 என்று விலை வைத்தது காஸ்டிங் போட்ட நாளில். நூல் விலை மாதத்துக்கு மாதம் மாறும்போது துணி வாங்கும் நாளில் அந்த எண் பழசாகிவிடும். 2022-இல் நூல் விலை ஏறிக்கொண்டே போனதைக் கண்டித்துத் திருப்பூரில் மே மாதம் இரண்டு நாள் கம்பெனிகளை மூடி வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த மாதிரி நேரத்தில் விலை மாறுபாடு பெரிய பாதகமாகத்தான் வரும். அதற்குப் பர்ச்சேஸ் மேனேஜர் என்ன செய்வார்? விலை இறங்கும்போது இதே கோளாறு தலைகீழாக வந்து ஆளை மயக்கும். நம் துணி வாங்கிய வாரத்தில் சந்தையில் எல்லோருக்கும் 380-க்குக் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது 15 ரூபாய் சாதகத்தின் உள்ளே இருப்பது, சந்தை தந்த 20 ரூபாய் சாதகமும் நம் ஆள் கூடுதலாகக் கொடுத்த 5 ரூபாய் பாதகமும்தான். பாராட்டு வாங்கியவர் உண்மையில் ஊர் விலையைவிட அதிகம் கொடுத்திருக்கிறார். எனவே வாங்கிய வாரத்துச் சந்தை விலையையும் அறிக்கையில் ஒரு பத்தியாக எழுதிவைப்பது நல்லது.

ஸ்டாண்டர்டு என்பது ஒருமுறை போட்டுப் பூட்டிவைப்பதல்ல என்பதைக் கணக்கியல் விதியும் சொல்கிறது. சரக்கு இருப்பை மதிப்பிட நிர்ணய அடக்கத்தைப் பயன்படுத்தலாம், ஆனால் அது உண்மை அடக்கத்துக்கு நெருங்கியதாக இருக்க வேண்டும், அவ்வப்போது பார்த்துத் தேவையானால் திருத்த வேண்டும் என்கிறது இந்தியாவின் கணக்கியல் தரநிலையான இண்ட் ஏஎஸ் 2. ஆனால் திருத்தும்போது ஒரு எச்சரிக்கை: உருப்படிக்கு 200 கிராமை 214 என்று மாற்றிவிட்டால் அடுத்த மாதம் அறிக்கை சுத்தமாக இருக்கும். வியாதி போகவில்லை, தெர்மாமீட்டரைத்தான் மாற்றியிருக்கிறோம்.

புதிதாகக் கணக்குப் போடுபவர்கள் சறுக்கும் ஒரு இடத்தையும் சொல்லிவிடுகிறேன். நிர்ணய அளவை ஆர்டர் எண்ணிக்கையால் பெருக்கக் கூடாது, உண்மையில் எடுத்த நல்ல உருப்படியால் பெருக்க வேண்டும். பத்தாயிரம் ஆர்டரில் 9,800 தான் தேறியது என்றால், 2,000 கிலோவோடு ஒப்பிடுவது தவறு. 1,960 கிலோவோடு ஒப்பிட வேண்டும். வெட்டியது பத்தாயிரம், தேறியது 9,800 என்றால் அந்த 40 கிலோ தையலிலோ செக்கிங்கிலோ போனது. வெட்டிய எண்ணிக்கையை வைத்துக் கட்டிங்கையும், தேறிய எண்ணிக்கையை வைத்து முழு ஆர்டரையும் பார்ப்பது முறை.

கடைசியாக, இந்த முறை காட்டவே காட்டாத ஒன்று. கம்பெனி வெட்ட எடுத்தது 2,140 கிலோ. வாங்கியதோ 2,200 கிலோ. 60 கிலோ ஸ்டோரில் இருக்கிறது. விலை மாறுபாட்டை வாங்கும்போதே கணக்கிடுகிற கம்பெனிகள் உண்டு. சீக்கிரம் தெரியும் என்பதால் அது நல்ல பழக்கமும்கூட. அப்படிப் போட்டால் சாதகம் 32,100 அல்ல, 33,000. மீந்த 60 கிலோவிலும் கிலோவுக்குப் பதினைந்து ரூபாய் மிச்சம் என்று கணக்குச் சொல்லும்.

சர்க்கரையாக இருந்தால் அது சரி. மீந்த மூட்டையை அடுத்த மாதம் பயன்படுத்தலாம். இது ஒரு குறிப்பிட்ட வாங்குபவருக்காக, அவர் அனுப்பிய நிறத் துண்டைப் பார்த்துச் சாயமிட்ட துணி. அதே நிறம், அதே ஜிஎஸ்எம், அதே டயா இன்னொரு ஆர்டரில் வருவது அபூர்வம். வந்தாலும் வேறு லாட் சாயத்தோடு பக்கத்தில் வைத்தால் ஷேடு மாறும். எனவே அந்த 60 கிலோ ஸ்டோர் ரூம் அலமாரியில் ஒரு வருடம் தூசி படிந்துவிட்டுக் கடைசியில் ஸ்டாக் லாட்டாகக் கிடைத்த விலைக்குப் போகும். அதற்குக் கொடுத்த காசு 23,100 ரூபாய். நாம் இவ்வளவு நேரம் தேடிய மொத்தப் பாதகமே 23,900 தான். ஏறக்குறைய அதே அளவு தொகை அலமாரியில் கிடக்கிறது, விலை மாறுபாட்டிலும் இல்லை, அளவு மாறுபாட்டிலும் இல்லை. இருப்புப் பதிவேட்டில் மதிப்புள்ள சரக்காக உட்கார்ந்திருக்கிறது.

பெரிய மென்பொருள் வாங்க முடியாத கம்பெனிகூடச் செய்யக்கூடிய காரியங்கள் இதில் உண்டு. பர்ச்சேஸ் ஆர்டரில் கிலோ விலைக்குப் பக்கத்தில் சதுர மீட்டர் விலையையும் எழுதுங்கள். ஜிஎஸ்எம் மேல் பக்கம் எவ்வளவு விலகலாம், அதற்கு மேல் போனால் யார் காசு என்பதைத் துணி வாங்குவதற்கு முன்பே பேசி எழுதி வாங்குங்கள். ரோல் வந்திறங்கியதும் ஜிஎஸ்எம்மும் டயாவும் பார்த்து ரோல் மேலேயே எழுதி ஒட்டுங்கள். லே விரித்த பிறகு பார்த்துப் பயனில்லை. கழிவை ஆர்டர் வாரியாக எடை போடுங்கள். மாத முடிவில் வரும் அறிக்கையில் விலைப் பக்கம் சாதகமாகவும் அளவுப் பக்கம் பாதகமாகவும் இருந்தால், கட்டிங் மாஸ்டரைக் கூப்பிடும் முன் அந்தத் துணியில் ஒரு வட்டம் வெட்டித் தராசில் வைத்துப் பாருங்கள்.